லெஜியன் வீரரின் சம்பளக் கணக்கு

கேள்வி: எங்கள் மலை ஊர்களில் ராணுவ ஆள்தேர்வுக்குப் போகும் பையன்கள் விடியற்காலையில் சாலையில் ஓடிப் பழகுகிறார்கள். பழைய ரோமானிய லெஜியனில் ஆள் சேர்த்தது எப்படி? பயிற்சியும் சம்பளமும் எப்படி இருந்தன? சண்டை இல்லாத ஆண்டுகளில் அவ்வளவு பேரும் என்ன செய்தார்கள்?
— ஒரு வாசகர், கரியாலூர்

பதில்: எகிப்தில் இருந்த ரோமானியப் படையை வைத்துச் சொல்கிறேன். அந்த நாட்டு வறண்ட மண், படை அலுவலகத்தின் அன்றாடக் காகிதங்களையே நமக்குக் காத்து வைத்திருக்கிறது. அந்தப் படை செய்த வேலை ஒன்று நம் மிளகு வணிகத்தோடும் சேர்ந்தது.

லெஜியனில் சேர ரோமானியக் குடியுரிமை வேண்டும். கிழக்கு மாகாணங்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவு என்பதால், சேரும்போதே குடியுரிமை கொடுத்துச் சேர்த்துக்கொண்டதும் உண்டு. தேர்வில் உடலைச் சோதித்து, வயதையும் அடையாளத் தழும்பையும் எழுதிக்கொள்வார்கள். கி.பி. 103இல் எகிப்தின் ஆளுநர், தாம் தேர்ந்த ஆறு புதியவர்களைத் துணைப்படை ஒன்றில் சேர்க்கச் சொல்லி எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. அதில் ஒருவருக்கு வயது 22, இடப் புருவத்தில் தழும்பு. இன்னொருவருக்கு வயது 21, அடையாளம் எதுவும் இல்லை.

பயிற்சி பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, சுமார் முந்நூறு ஆண்டு கழித்து எழுதிய வெஜிஷியஸ் தருவது. அதை அந்த எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் நடை: கோடைக்கால ஐந்து மணி நேரத்தில் இருபது ரோமானிய மைல், அதாவது ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். பிறகு, தரையில் நட்ட ஆளுயர மரக்கம்பத்தை எதிரியாகக் கொண்டு வாள் பழக்கம். அதற்கான மரவாளும் பிரம்புக் கேடயமும் உண்மையானவற்றைப்போல இரண்டு மடங்கு கனம். வீசி வெட்டாமல் குத்தப் பழக்கினார்கள். வெட்டக் கையை ஓங்குகிறவனுடைய விலா திறந்துகொள்ளும்.

சம்பளம், அகஸ்டஸ் காலத்தில் ஆண்டுக்கு 225 தெனாரியஸ் வெள்ளிக்காசு, மூன்று தவணையாக. கேட்கப் பெரிதாக இருந்தாலும் கையில் நின்றது கொஞ்சம்தான். கி.பி. 81ஐச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் ஏட்டில் குயின்டஸ் ஜூலியஸ் புரோக்குலஸ் என்ற வீரரின் ஓராண்டுக் கணக்கு இருக்கிறது. அவர் லெஜியன் வீரரா, துணைப்படை வீரரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. பிடித்தம் செய்த முறை அதனால் மாறிவிடாது. எகிப்தில் புழங்கிய திராக்மாவில், தவணைக்கு 248 அவர் பெயரில் வரவு. முதல் தவணையில் சாப்பாட்டுக்கு 80, துணிக்கு 60, டிசம்பர் மாதச் சாட்டர்னேலியா விருந்துக்கு 20, காலணிக்கு 12, வைக்கோலுக்கு 10 என்று 182 போய்விட்டது. மிச்சம் 66. இரண்டாம் தவணையில் துணிக்கும் விருந்துக்கும் பிடித்தம் இல்லாததால் 142 மிஞ்சியது. மூன்றாவதில் துணிக்கு மட்டும் ஏறத்தாழ 146. அந்தத் தவணையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஏற்கெனவே கணக்கில் இருந்த 136, ஆண்டு முடிவில் 344 ஆயிற்று. உண்ணவும் உடுக்கவும் தன் கூலியிலிருந்தே கொடுத்த ஒரு மனிதரின் உழைப்பு அந்த எண்களில் தெரிகிறது. லெஜியன் வீரர்கள் பொறுத்திருந்தது ஓய்வுத் தொகைக்காக. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு முடித்தால் 3,000 தெனாரியஸ், அல்லது நிலம்.

அதே ஏட்டைத் திருப்பினால் உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்கிறது. அங்கே 36 வீரர்களின் அக்டோபர் முதல் பத்து நாள் வேலைப் பட்டியல் இருக்கிறது: ஆயுதக்கிடங்கு, குளியலறை, காவல், சாலை ரோந்து, காலணி, சாணமும் கழிவும் அள்ளுவது. வேறொரு பகுதியில் வெளியூர்ப் பணிக்குப் போனவர்கள்: தானியக் களஞ்சியம், நாணயச்சாலை, பாப்பிரஸ் தயாரிப்பு, தூர்வாருதல்.

இவற்றைவிடப் பெரிய வேலையைக் காப்டோஸ் கல்வெட்டு சொல்கிறது. நைல் கரையிலிருக்கும் அந்த ஊரிலிருந்து செங்கடல் துறைமுகமான பெரனிகேக்குப் பாலைவனத்தில் பன்னிரண்டு நாள் பயணம். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில்தான் போவார்கள். வழியில் தண்ணீர் இல்லையென்றால் ஒட்டகமும் வராது, சரக்கும் வராது. இரண்டு லெஜியன்களிலிருந்தும் துணைப்படைகளிலிருந்தும் அனுப்பப்பட்ட வீரர்கள், அந்த வழியிலும் பெரனிகே, மயோஸ் ஹோர்மோஸ் துறைமுகங்களிலும் நீர்த்தொட்டிகள் கட்டியதைக் கல்வெட்டு பதிவு செய்கிறது. அதில் பெயர் வந்த லெஜியன்காரர்களில் பலர் இன்றைய துருக்கியின் அங்காரா பக்கத்தவர்கள்.

நம் கரையிலிருந்து போன சரக்கு இறங்கியது இந்தத் துறைமுகங்களில்தான். பெரனிகே கோயிலில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு கிடைத்தது. மயோஸ் ஹோர்மோஸில் தமிழ் பிராமியில் பெயர் எழுதிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கோவை வெள்ளலூரில் 1842 முதல் புதையலாகக் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் காலத் தெனாரியஸ் காசுகள் இந்த வீரர்களின் பையிலிருந்து வந்தவை அல்ல. எகிப்துக்குள் செல்லுபடியானது திராக்மா; நம் ஊர் வந்து சேர்ந்த தெனாரியஸ், வணிகர்கள் சரக்குக்காகக் கடல்வழியே கொண்டுவந்தது.