தலைப்பின் மேல் பழி போடுமுன்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீதியையும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையையும் படம் பிடித்து யூடியூபில் போடுகிற நம்மவர்களில் பலர், காலையில் எழுந்ததும் முதற்காரியமாக Studio-வைத் திறந்து, சிடிஆர் என்று அவர்கள் சொல்லும் அந்தச் சதவீதம் எந்த வீடியோவுக்குக் குறைந்திருக்கிறது என்று பார்த்து, காப்பி ஆறுவதற்குள் அதன் தலைப்பை மாற்றிவிடுகிறார்கள். எண்ணைப் பார்ப்பது நல்ல வழக்கந்தான்; ஆனால் அது எதன் எண் என்று விசாரியாமல் தீர்ப்புச் சொல்வதால், குற்றமற்ற தலைப்புகள் தண்டனை பெறுவதும், குற்றமுள்ளவை சுகமாக வாழ்வதும் சகஜமாகிவிட்டன.

நம்பிக்கை: வீடியோவைப் பார்த்தவர்களின் தொகையை இம்ப்ரெஷன் தொகையால் வகுத்தால் சிடிஆர் கிடைத்துவிடும்.

கிடைக்காது. ஒரு வீடியோவின் தம்ப்நெயில், பாதிக்குக் குறையாத அளவில், ஒரு விநாடிக்கு மேல் பார்வையாளரின் திரையில் நின்றால்தான் அது ஓர் இம்ப்ரெஷன்; அதுவும் யூடியூபுக்கு உள்ளேயே நின்றிருக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலே மாமா அனுப்பிய லிங்கைத் தட்டி வந்தவர், நோட்டிஃபிகேஷனைத் தொட்டு வந்தவர், வேறொரு வலைத்தளத்தில் பார்த்தவர், இவர்களெல்லாம் வியூ கணக்கில் ஏறுவார்களேயன்றி இம்ப்ரெஷன் கணக்கில் ஏறமாட்டார்கள். நம் சமூகத்தில் வீடியோக்கள் பரவுகிற பிரதான மார்க்கம் வாட்ஸ்அப்பாக இருக்கிறபடியால், இந்த வித்தியாசம் இங்கே அற்பமானதன்று. குழுக்களால் ஆயிரக்கணக்கான வியூ பெற்ற வீடியோவின் தலைப்பைச் சிறந்த தலைப்பென்று கொண்டாடுவதற்கு ஆதாரம் ஏதுமில்லை. அந்தத் தலைப்பைப் படித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் மிகச் சிலராகவே இருக்கக்கூடும்.

நம்பிக்கை: சிடிஆர் குறைவு என்றால் தலைப்பு மோசம்.

பாதிச் சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் இந்த விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பதாக யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் சொல்லுகிறது. இத்தனை அகலமான எல்லையைக் கையில் வைத்துக்கொண்டு 3 நல்லதா கெட்டதா என்று கேட்பது வீண். கேட்க வேண்டிய கேள்வி, அந்த 3 எங்கிருந்து வந்தது என்பதே.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். எண்கள் விளக்கத்தின் பொருட்டு நான் அமைத்தவை. கிள்ளானில் தீபாவளிச் சந்தையைக் காட்டும் வீடியோ ஒன்று 40,000 இம்ப்ரெஷன் பெற்று, 3.1 சதவீதத்தில் நிற்கிறது. கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கொம்யூட்டர் ரயிலில் போவது எப்படி என்று விளக்கும் மற்றொன்று, 2,600 இம்ப்ரெஷனில் 8.6 சதவீதம் பெற்றிருக்கிறது. சேனல்காரர் முதலாவதைத் திருத்தப் போகிறார். அவரை ஒரு நிமிஷம் நிறுத்தி, Advanced mode-க்குள் சென்று Traffic source வாரியாகப் பிரித்துக் காட்டினால், கதையே வேறாகிவிடுகிறது. சந்தை வீடியோவின் 40,000-இல் 34,000 முகப்புப் பக்கத்தில், அதாவது Browse features என்ற வரியில், இவர் பெயரையே கேள்விப்படாதவர்களின் கண்முன் நின்றவை. அங்கே விகிதம் 2.4. சேனல் பக்கத்துக்கே தேடி வந்தவர்களிடம் அது 6. தேடலில் வந்தவர்களிடம் 9. ரயில் வீடியோவோ ஏறக்குறைய முழுவதும் தேடலில் வந்தது. வழி கேட்டு வருகிறவன் பதிலைத் தொடாமல் இருப்பானா?

ஆகவே ஒப்பிட வேண்டியது இவ்விரண்டையும் அன்று. அதே சேனலின் மற்ற வீடியோக்கள் முகப்பில் எவ்வளவு பெறுகின்றன என்று பார்த்து, அவையும் 2.2, 2.5 என்றே இருந்தால், சந்தை வீடியோவின் தலைப்பு நிரபராதி. பெரிய கூட்டத்துக்குக் காட்டப்படக் காட்டப்பட விகிதம் தேய்வது இயல்பு. அது பெரும்பாலும் வீடியோ பரவுவதன் அடையாளமேயன்றி நோயன்று.

நம்பிக்கை: இம்ப்ரெஷனே வராத வீடியோவுக்குத் தலைப்பை மாற்றினால் யூடியூப் புதிதாக ஒரு வாய்ப்புக் கொடுக்கும்.

மாற்றியதற்காக யாரும் சன்மானம் தருவதில்லை. மாற்றியபின் ஜனங்கள் வேறு விதமாக நடந்துகொண்டால்தான் பலன் மாறும். அன்றியும் 100 இம்ப்ரெஷனில் 5 கிளிக் என்பதை வைத்து எந்தத் தலைப்பையும் விசாரிக்க முடியாது. அடுத்த நூறில் அது தற்செயலாகவே 8 ஆகலாம், 2 ஆகலாம்.

அப்படியானால் திருத்தத்துக்கு உரிய தலைப்பு எது? காட்டப்பட்டும் தொடப்படாமல், தொட்டவர்களால் மட்டும் நெடுநேரம் பார்க்கப்பட்ட வீடியோவின் தலைப்பு. அதே சேனலில் 'நம்ம ஊர்க் கதைகள் – பாகம் 3' என்று ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கோலாலம்பூர் 1881-இல் தீயாலும் வெள்ளத்தாலும் நாசமானபின், சுவெட்டன்ஹாம் துரையின் நிர்வாகம் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்பச் சொன்னதையும், அதற்கான சூளைகள் இன்றைய பிரிக்ஃபீல்ட்ஸில் புகைந்ததையும் சொல்லும் அருமையான பத்து நிமிஷம் அது. பார்க்கத் தொடங்கியவர்கள் சராசரி ஆறு நிமிஷம் இருக்கிறார்கள். விளக்கக் குறிப்பில் ஊர்ப்பெயர் இருப்பதால் 28 நாளில் தேடலில் 3,000 முறை தோன்றியும், தொட்டவர்கள் 45 பேர்தான், அதாவது 1.5 சதவீதம்; அதே சேனலின் மற்ற வீடியோக்களுக்குத் தேடலில் 7, 8 வருகிறது. இங்கேதான் குற்றவாளி தலைப்பு என்று நியாயமாகச் சந்தேகிக்கலாம். தேடியவன் கேட்ட ஊரின் பெயர் அதில் இல்லை. மூன்றாம் பாகம் என்ற சொல்லோ முதலிரண்டைப் பார்க்காதவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

'Brickfields செங்கல் சூளைகளின் கதை: 1881 தீக்குப் பின் கோலாலம்பூர்' என்று அதை மாற்றலாம். நம்மில் பலர் ஊர்ப்பெயரைத் தேடும்போது ரோமன் எழுத்திலேயே தட்டுகிறார்கள் என்பதனால் அதை அப்படியே விட்டேன். தலைப்புக்கு 100 எழுத்து அனுமதி உண்டாயினும் கைத்தொலைபேசியின் திரை வாலை வெட்டிவிடுமாதலால், ஊரின் பெயர் முதலில் நிற்கவேண்டும். தம்ப்நெயிலை இப்போது தொடக்கூடாது. இரண்டையும் ஒருசேர மாற்றினால் பலன் எதனால் விளைந்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

அடுத்த 28 நாளை, அதே தேடல் வரியில் வைத்து ஒப்பிடுக. தைப்பூசமோ தீபாவளியோ குறுக்கிட்டால் அந்த ஒப்பீடு செல்லாது. தற்செயலைக் கழிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு: கிளிக் தொகையின் வர்க்கமூலத்தை இரட்டித்தால் ஏறக்குறைய எவ்வளவு ஆட்டம் இயல்பு என்று தெரியும். 45-க்கு அது 13. எனவே 32 முதல் 58 வரை எது வந்தாலும் செய்தியல்ல. அதே 3,000 இம்ப்ரெஷனில் 120 வந்தால் தலைப்பு வேலை செய்திருக்கிறது.

நம்பிக்கை: சிடிஆர் ஏறிவிட்டால் வெற்றி.

தொட்டு வந்தவர்கள் இருந்து பார்த்தார்களா என்று கவனித்தபின்பே அதைச் சொல்லலாம். யூடியூப் தம்ப்நெயில்களை ஒப்பிட்டுச் சோதிக்கத் தரும் வசதியில்கூட வெற்றியை நிர்ணயிப்பது கிளிக் விகிதமன்று, பார்த்த நேரத்தின் பங்கு. ஆறு நிமிஷம் ஐந்தரையானால் பாதகமில்லை. புதியவர்கள் பெருகும்போது கொஞ்சம் குறையத்தான் செய்யும். இரண்டானால், தலைப்பு வீடியோவில் இல்லாத ஒன்றை வாக்களித்திருக்கிறது. பழைய தலைப்புக்கு அன்றே திரும்பிவிடுங்கள். அதற்கு அந்தப் பழைய தலைப்பு கையில் இருக்கவேண்டும். ஆகையால் மாற்றுமுன் அதையும், மாற்றிய தேதியையும், அன்றைய தேடல் விகிதத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.