பொய்ப் படத்துக்கும் ஒரு மூலப் படம் உண்டு

2024 ஆம் ஆண்டில் நமது நாட்டில் இரண்டு பெரிய தேர்தல்கள் நடந்தன. செப்டெம்பர் 21 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலும், நவம்பர் 14 ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலும் வந்தன. அடுத்த ஆண்டு மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. முன்பெல்லாம் தேர்தல் என்றால் ஹட்டன் நகரின் மதில்களிலும் தோட்டத்துச் சந்திகளிலும் சுவரொட்டி ஒட்டுவார்கள். இப்போது அந்த மதில் நமது கைக்குள் வந்துவிட்டது. குடும்பக் குழு, பள்ளிக்கூடப் பெற்றோர் குழு, தோட்ட இளைஞர் குழு என எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் வேட்பாளர்களின் படங்கள் வந்து விழுகின்றன. அவற்றுள் எது உண்மை, எது பொய் என்று எப்படி அறிவது?

உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடத்தைக் கற்கும் மாணவி என்ற வகையில் இக்கேள்வி பற்றி நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். பலர் நினைப்பது போல, பொய்ப் படத்தைப் பிடிக்க கழுத்தில் வெட்டுத் தெரிகிறதா, விரல் கோணலாக இருக்கிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நன்றாகச் செய்யப்பட்ட படத்தில் அப்படி எதுவும் தெரியாது. ஆனால் உண்மையான புகைப்படத்தை மாற்றிச் செய்த பொய்ப் படத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அது எதிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த மூலப் படம் பெரும்பாலும் உலகில் எங்கோ இருக்கிறது. ஆகவே நாம் தேட வேண்டியது பிழையை அல்ல, மூலத்தை.

இதற்கு நமது அயல்நாட்டில் நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் 2014 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலை ஒட்டிய காலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பரவியது. ஒருவர் குனிந்து தரையைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். அவர்தான் இளவயது நரேந்திர மோடி என்று படத்துடன் செய்தி வந்தது. எளிய நிலையிலிருந்து உயர்ந்தவர் என்று அவரைப் போற்றுவதற்காகப் பலர் அதைப் பகிர்ந்தார்கள். ஆனால் அதன் மூலப் படம் 1946 ஆம் ஆண்டு அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஒருவர் எடுத்தது. அதில் இருந்தவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. அந்த உடலின் மேல் மோடியின் முகம் பொருத்தப்பட்டிருந்தது. பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்டபோது, அது மாற்றப்பட்ட படம் என்றும் அதில் இருப்பவர் மோடி அல்லர் என்றும் பதில் கிடைத்தது.

இங்கே கவனியுங்கள். மோடி பிறந்தது 1950 ஆம் ஆண்டு. அப்படியானால் மூலப் படம் அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது! முகத்தின் ஓரத்தையோ நிழலையோ ஆராய வேண்டிய அவசியமே இல்லை. மூலமும் அதன் ஆண்டும் கிடைத்தவுடன் விடயம் முடிந்துவிடுகிறது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தப் படம் ஒருவரைப் பழிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, புகழ்வதற்காகச் செய்யப்பட்டது. நமக்குப் பிடிக்காதவரைப் பற்றிய படம் மட்டுமன்றி, பிடித்தவரைப் பற்றிய படமும் பொய்யாக இருக்கலாம். பிடித்த படத்தை நாம் சோதிக்காமலேயே அனுப்பிவிடுகிறோம்.

இரண்டாவது வகை, இரண்டு உண்மைப் படங்களை ஒன்றாக ஒட்டுவது. 2004 ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஜோன் கெரி வேட்பாளராக முயன்றுகொண்டிருந்தார். வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய பின் அந்தப் போரை எதிர்த்தவர் அவர். போரை எதிர்த்ததால் பலருடைய கோபத்துக்கு ஆளான நடிகை ஜேன் ஃபொண்டாவும் அவரும் ஒரே மேடையில் அருகருகே நிற்பதாக ஒரு படம் பெப்ரவரி மாதத்தில் பரவியது. பழைய பத்திரிகைத் துண்டு போலவே அது அமைக்கப்பட்டிருந்தது. அசோசியேட்டட் பிரஸ் எடுத்த படம் என்றும் கீழே போடப்பட்டிருந்தது.

உண்மையில் கெரியின் படத்தை 1971 ஜூனில் நியூயோர்க் மாநிலத்தில் கென் லைட் என்ற புகைப்படக்காரர் எடுத்திருந்தார். அதில் கெரி மேடையில் தனியாக நிற்கிறார். ஃபொண்டாவின் படத்தை 1972 இல் புளோரிடா மாநிலத்தில் ஓவன் ஃபிராங்கன் என்ற வேறொருவர் எடுத்திருந்தார். இடமும் வேறு, ஆண்டும் வேறு. தனது படம் இப்படிப் பயன்படுத்தப்பட்டதைக் கண்ட கென் லைட்டிடம் மூலப் படச்சுருள் இருந்தது. அதனால் உண்மை வெளிவந்தது.

அப்படியானால் மக்கள் ஏன் அதை நம்பினார்கள்? 1970 இல் நடந்த ஒரு கூட்டத்தில் ஃபொண்டா முன்னாலும், கெரி சில வரிசைகள் பின்னாலும் அமர்ந்திருந்த உண்மையான படம் ஒன்றும் இருந்தது. பொய்ப் படம் வருவதற்குச் சற்று முன்னர்தான் அதுவும் வெளியாகியிருந்தது. அந்த உண்மையின் தோளில் ஏறித்தான் இந்தப் பொய் வந்தது. “ஏற்கெனவே கேள்விப்பட்டதுதானே” என்று தோன்றும் படமே நம்மை எளிதில் ஏமாற்றுகிறது.

அன்று கென் லைட்டின் கையில் படச்சுருள் இருந்தது. இன்று அந்த வேலையின் பெரும்பகுதியை நமது கையடக்கத் தொலைபேசியே செய்யும். அதை எங்கள் வகுப்பில் ஒரு பயிற்சியாகச் செய்து பார்த்தோம். எங்கள் ஆசிரியை ஒரு படத்தைத் தந்தார். பிரபல அரசியல்வாதி ஒருவர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் நின்று கையை உயர்த்திப் பேசுகிறார். “இது உண்மையா?” என்று மட்டும் கேட்டார்.

முதலில் படத்தைத் தொலைபேசியில் சேமித்தோம். பின்பு கூகுள் செயலியைத் திறந்து, தேடும் பெட்டியின் ஓரத்தில் உள்ள சிறிய கெமரா அடையாளத்தைத் தொட்டோம். இதுதான் Google Lens. சேமித்த படத்தை அதில் தெரிவு செய்ததும் அதைப் போன்ற படங்கள் வந்தன. ஆனால் எல்லாம் தேயிலைத் தொழிற்சாலைகளின் படங்கள். அரசியல்வாதி எங்கும் இல்லை. “அப்படியென்றால் உண்மைதான் போல” என்று ஒரு தோழி கூறினாள்.

அங்கேதான் ஆசிரியை எங்களை நிறுத்தினார். ஒட்டுப்படத்தை முழுதாகத் தேடினால் அதில் பெரிதாக உள்ள பகுதியே தேடலை இழுத்துக்கொள்ளும். ஆகவே பகுதி பகுதியாகத் தேட வேண்டும். படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தின் மூலைகளை விரலால் இழுத்து, அந்த மனிதர் மட்டும் உள்ளே வரும்படி சுருக்கினோம். இம்முறை ஒரு செய்தித் தளத்திலிருந்த பழைய படம் வந்தது. அதே மனிதர், அதே உயர்த்திய கை. ஆனால் நின்றது கொழும்பில் ஒரு மேடையில். படத்தைத் தானே ஒட்டியதாக ஆசிரியை அப்போதுதான் சொன்னார்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். ஒரே மனிதர் இரண்டு இடங்களில் கையை உயர்த்தியிருக்க முடியாதா? முடியும். ஆனால் சட்டையின் மடிப்புகள், விரல்களுக்கு இடையே உள்ள இடைவெளி, கைக்கடிகாரத்தின் சாய்வு, கழுத்தில் விழுந்த நிழல் ஆகிய எல்லாம் இரண்டு நாட்களில் அப்படியே அமைய முடியாது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து மடிப்பை மடிப்போடு ஒப்பிட வேண்டும். அதுவே ஆதாரம்.

tineye.com என்ற இணையத்தளமும் உதவும். அது படத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. அதே படம் வேறு எங்கே இருக்கிறது என்று மட்டுமே பார்க்கும். வந்த முடிவுகளை “Oldest” என்று வரிசைப்படுத்தினால் பழையது மேலே வரும். ஆனால் அங்கே காட்டப்படுவது அந்தத் தளம் படத்தைக் கண்ட திகதி, படம் எடுக்கப்பட்ட திகதி அல்ல. இந்த முறையால் இன்னொரு வகைப் பொய்யும் பிடிபடும். படத்தில் எதையும் மாற்றாமல், பழைய கூட்டத்தின் படத்தை எடுத்து “இன்று நுவரெலியாவில் திரண்ட மக்கள்” என்று எழுதிவிடுவதும் உண்டு. அங்கே பொய் சொல்வது படம் அல்ல, அதன் கீழுள்ள வரி.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. மூலப் படம் இணையத்தில் இல்லாவிட்டால், அல்லது இன்றுதான் எடுக்கப்பட்டிருந்தால் தேடலில் எதுவும் வராது. படத்தை இடம் வலமாகத் திருப்பியிருந்தாலும் தேடல் தவறக்கூடும். பலகையில் உள்ள எழுத்துகள் இடம் வலமாக மாறித் தெரிகின்றனவா, சட்டைப் பொத்தான்கள் மறுபக்கத்தில் உள்ளனவா என்று பார்த்து, படத்தைத் திருப்பி மீண்டும் தேடலாம். படம் எடுத்த நேரமும் இடமும் படக்கோப்புக்குள் பதிந்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது அந்த விபரங்கள் நீங்கிவிடுகின்றன. ஆகவே அங்கே தேடிப் பயனில்லை. எதுவும் கிடைக்கவில்லை என்றால் படம் உண்மை என்று பொருள் அல்ல, நமக்குத் தெரியவில்லை என்பதே பொருள். தெரியாததை அனுப்பாமல் இருக்கலாம்.

அனுப்பியவர் பெரியவர் என்றால் என்ன செய்வது? எங்கள் குடும்பக் குழுவில் ஒருமுறை எங்கள் சாச்சா ஒரு படத்தை அனுப்பினார். அதில் இரட்டை அம்பு அடையாளம் இருந்தது. பல கைகள் மாறி வந்த படத்துக்குத்தான் வட்ஸ்அப் அந்த அடையாளத்தைப் போடும். சாச்சாவும் அதை எடுத்தவரை அறியமாட்டார் என்பது அதிலிருந்தே தெரிந்தது. உம்மா குழுவில் எதுவும் எழுதவில்லை. மூலப் படத்தைத் தேடி எடுத்து அவருக்குத் தனியாக அனுப்பி, “சாச்சா, இதன் பழைய படம் கிடைத்தது, பாருங்கள்” என்று மட்டும் எழுதச் சொன்னார். பத்து நிமிடத்தில் அவரே குழுவிலிருந்து படத்தை நீக்கிவிட்டார். பொய் என்று காட்டுவதற்காகக் குழுவில் போடத்தான் வேண்டுமென்றால், பொய்ப் படத்தின் மேல் பெரிய சிவப்புக் கோடு ஒன்றை இழுத்து, மூலத்தையும் பக்கத்தில் வைத்தே போட வேண்டும். இல்லாவிட்டால் நமது எச்சரிக்கையிலிருந்து படத்தை மட்டும் வெட்டி எடுத்து வேறு யாராவது அனுப்பிவிடுவார்கள்.

2024 ஜனாதிபதித் தேர்தலுக்கான பிரசாரம் செப்டெம்பர் 18 நள்ளிரவுடன் முடிவடைந்தது. அதன் பின் வாக்களிப்பு வரை வேட்பாளர்கள் மேடையேறிப் பேச முடியாது. அந்த நாட்களில் ஒரு பொய்ப் படம் வந்தால், அதில் உள்ளவர் கூட்டம் கூட்டி “அது நான் அல்ல” என்று சொல்லவும் வழியில்லை. ஆகவே தேர்தலுக்கு முந்திய அந்த இரண்டு நாட்களில் வரும் புதுப்படத்தைத்தான் மிகவும் சந்தேகிக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது படத்தைச் சுருக்கித் தேடத் தெரிந்திருந்தால், அந்தப் படம் அந்த வீட்டைத் தாண்டிப் போகாது.