ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள்

நன்னிலம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பெண்ணை அலங்கரிக்கும் அறைக்குப் பெரும்பாலும் ஒரே ஜன்னல்தான். அதன் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும். எதிர்ச்சுவரின் குண்டு பல்பு மறு கன்னத்தை மஞ்சளாக்கும். நம் கண் இதைக் கண்டுகொள்ளாது. கேமரா விடாது.

மேகம் மூடிய நாளில் ஜன்னல் வெளிச்சம் 6500 கெல்வின் அளவில் இருக்கும், குண்டு பல்பு சுமார் 2700. வொயிட் பேலன்ஸோ படம் முழுவதற்கும் ஒரே எண். நடுவில் 4000 என்று வைத்தால் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு. இரண்டும் கெட்டதுதான் மிச்சம்.

அதனால் முதலில் பல்பை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ப்புறம் ஒருவரை வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்வேன். "நல்ல காரியம் நடக்குற வீடு, வெளக்க அணைக்காத தம்பி" என்று பாட்டி யாராவது தடுத்தால், பையில் வைத்திருக்கும் 6500 கெல்வின் எல்.இ.டி. பல்பை அதே ஹோல்டரில் மாட்டிவிடுவேன். (சூடான குண்டு பல்பைத் துணியால் பிடித்துக் கழற்றுங்கள்.) மலிவான எல்.இ.டி. சில சமயம் முகத்தில் பச்சை காட்டும். Tint-ஐக் கொஞ்சம் மெஜந்தா பக்கம் நகர்த்தினால் போதும்.

இரண்டுக்கும் வழியில்லாமல் எடுத்த படத்தை லைட்ரூமில்தான் சரிசெய்ய வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: நலங்கு வைத்த முகத்தில் மஞ்சளும் இருக்கும். எது பூசியது, எது பல்பு தந்தது என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் பார்ப்பது தலையில் வைத்த மல்லிகையை. ஜன்னல் பக்கத்துப் பூவில் வொயிட் பேலன்ஸ் துளிப்பானைத் தொட்டு அந்தப் பக்கத்தை முதலில் சரிசெய்வேன். பிறகு பல்பு பக்கத்துக்கு மட்டும் Brush. Feather 100, Flow 20 அளவில். Temp-ஐ -35 வரை மெதுவாக இறக்கி, Saturation-ஐச் சற்றுக் குறைப்பேன். அந்தப் பக்கத்துப் பூவும் வெண்மையை நெருங்கினால் நிறுத்திவிடலாம். கன்னத்தில் மிஞ்சுகிற மஞ்சள் அவள் பூசியது, அதைத் தொடக் கூடாது. உதடு ஊதா அடித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

ஜிமிக்கியையும் சேலை ஜரிகையையும் Subtract கொடுத்து விலக்காவிட்டால் தங்கம் ஈயமாகிவிடும். கஷ்டமான இடம் மூக்குத்தண்டு. இரண்டு ஒளியும் அங்கே கலப்பதால், பிரஷ் தாண்டினால் நீலக்கோடு விழும். மூக்குக்கு வெளியே தொடங்கி, உள்ளே வர வர அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பல்பு பக்கத்தில் கொஞ்சம் வெம்மை மிஞ்சினால் தப்பில்லை. முழுக்கத் துடைத்த முகம் சாம்பல் பூத்துப் போகும்.

இதெல்லாம் RAW-இல் எடுத்த படத்துக்குத்தான். பல்பு ஒளியில் நீலம் மிகக் குறைவு. JPEG-இல் அது அடியோடு நசுங்கிப் போயிருந்தால் எந்த ஸ்லைடராலும் மீட்க முடியாது. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்துவிடுங்கள்.