கபடித் தளத்தில் எந்தக் கோடு எப்போது உயிர் பெறும்?

புதிதாகக் கபடிக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு முதலில் ஒன்று: பக்கத்தில் உள்ள தளத்தின் படத்தைக் கண் அளவில் நம்பாதீங்க. ஒரு மூலையிலிருந்து கைப்பேசியில் எடுத்தது. அதனால் எதிர்ப்பாதி சின்னதாகத் தெரியும். உண்மையில் இரண்டு பாதியும் ஒரே அளவுதான். ஆண்கள் தளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை ஒவ்வொரு பக்கமும் 6.5 மீட்டர். (பெண்கள் தளம் 12-க்கு 8.)

ரெய்டு போகிறவர் நடுக்கோட்டைத் தாண்டியதும் 3.75 மீட்டரில் ஒரு கோடு வரும். அதுதான் பால்க் கோடு. யாரையும் தொடாமல் திரும்புவதாக இருந்தால், ஒரு தடவையாவது இதைத் தாண்டியிருக்க வேண்டும். ஒரு கால் கோட்டுக்கு அப்பால் ஊன்றும்போது, மறு கால் கோட்டுக்கு இந்தப் பக்கம் தரையில் இருக்கக் கூடாது. தாண்டாமல் வந்தால் ரெய்டர் அவுட்.

இன்னும் 1 மீட்டர் உள்ளே போனால் போனஸ் கோடு. ஆனால் எதிரணியில் ஆறு பேராவது தளத்தில் இருந்தால்தான் இந்தக் கோட்டுக்கு மதிப்பு. ஐந்து பேர் என்றால் அது வெறும் பெயின்ட்தான்! எண்ணிப் பார்த்துவிட்டுக் காலை நீட்டுங்க. இங்கும் ஒரு பாதம் முழுசாகக் கோட்டைத் தாண்டி ஊன்றணும், பின்னங்கால் அந்த நேரம் காற்றில் இருக்கணும். கட்டைவிரல் மட்டும் தாண்டினால் புள்ளி கிடையாது.

இப்போது படத்தின் இரு ஓரங்களிலும் நீளமாக ஓடும் 1 மீட்டர் பட்டைகளைப் பாருங்க. அவைதான் லாபி. புதியவர்கள் அதிகம் அவுட் ஆவது இங்கேதான் என்பது என் கணிப்பு. ரெய்டரும் எதிரணி ஆட்டக்காரரும் தொட்டுக்கொள்ளும்வரை லாபி தளத்துக்கு வெளியே என்றுதான் கணக்கு. தொட்ட நொடியில் அது தளத்தின் பகுதியாகிவிடும். மின்சார சுவிட்ச் மாதிரி நினைச்சுக்கலாம்.

ஒரு ரெய்டைப் பார்ப்போம். எதிரில் ஏழு பேர். நீங்கள் வலது ஓரமாக நுழைந்து, பால்க் கோட்டைத் தாண்டி, பின்னங்காலைத் தூக்கியபடி போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை வைக்கிறீங்க. போனஸ் புள்ளி வந்தாச்சு. திரும்பும்போது மூலையில் நிற்பவர் கணுக்காலைப் பிடிக்கப் பாய்கிறார். அவர் விரல் படுவதற்கு முன்பே உங்கள் குதிகால் லாபியில் பட்டால் நீங்கள் அவுட். விரல் பட்ட பிறகு அதே குதிகால் அதே இடத்தில் பட்டால் தப்பில்லை. லாபி வழியாகவே உருவிக்கொண்டு ஓடி நடுக்கோட்டைத் தொடலாம். தொட்டுவிட்டால் அவர் அவுட், உங்களுக்கு இன்னொரு புள்ளி. இடம் ஒன்றுதான், முடிவு வேறு.

இந்த விதி பிடிப்பவருக்கும் உண்டு. தொடுதல் நடக்கும் முன்பே அவர் லாபியில் கால் வைத்தால் அவர்தான் அவுட். ஓரத்தில் நெருக்குகிற ரெய்டரைக் கண்டு பதறிப் பின்வாங்கும் மூலைக்காரர்கள் இப்படித்தான் இலவசமாகப் புள்ளி கொடுக்கிறார்கள். அதனால் பயிற்சியில் மூலையில் நிற்பவர் லாபிக் கோட்டிலிருந்து ஒரு பாதம் உள்ளே தள்ளி நின்று பழகட்டும்.