வெள்ளாட்டுப் பால்: கறவைக் கணக்கும் வாடையின் காரணமும்

பாலுக்காக வெள்ளாடு வாங்கக் கடன் கேட்டு வருவோரிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வி, ஓர் ஆடு நாளொன்றுக்கு எவ்வளவு பால் தரும் என்று கணக்கிட்டிருக்கிறீர்கள் என்பதே. பெரும்பாலும் இரண்டு லிட்டர் என்று விடை வரும். சிலர் மூன்று என்பர். அது விற்பவர் சொன்ன அளவு. ஆடு தரும் பால் வேறு. குட்டிகள் குடித்தது போக விற்பனைக்கு மிஞ்சும் பால் வேறு. அந்த மிச்சத்தையும் வாடை வீசுகிறது என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டால் தவணை கட்டுவதற்கு வழியிராது. ஆகவே எவ்வளவு பால் மிஞ்சும், அதில் வாடை ஏன் வருகிறது என்னும் இரண்டை மட்டும் இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

நம் நாட்டில் பாலுக்குப் பெயர்பெற்ற இனங்களுள் பீட்டல், ஜமுனாபாரி, பார்பாரி ஆகிய மூன்றும் முக்கியமானவை. பீட்டல், பஞ்சாபின் குர்தாஸ்பூர், அமிர்தசரஸ் பகுதிகளைச் சேர்ந்தது. நல்ல தீவனம் கிடைத்தால் ஓர் ஈத்துக்கு 150 முதல் 200 லிட்டர் வரை கறக்கும். ஜமுனாபாரி, உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில், யமுனைக்கும் சம்பலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்குகளில் வளர்வது. வளைந்த மூக்கும் தொங்கும் நீண்ட காதுகளும் உடைய இந்த ஆட்டின் தோற்றத்தில் மயங்கி வாங்குவோர் பலர். அது உயரமான உடலுடன் புதர்களிலும் மரக்கிளைகளிலும் மேய்ந்து பழகியது. அதனைக் கொட்டிலில் அடைத்து வைத்தால் சொந்த நிலத்தில் தரும் பாலைத் தருவதில்லை. பார்பாரி சிறிய ஆடு; ஆக்ரா, மதுரா, எட்டா வட்டாரங்களில் வீட்டு முற்றத்திலேயே கட்டி வளர்க்கிறார்கள். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் அளவில்தான் கறக்கும் என்றாலும், குறைந்த இடமும் குறைந்த தீவனமும் அதற்குப் போதும். இரட்டைக் குட்டிகளும் மிகுதி. மேய்ச்சல் நிலம் இல்லாத சிற்றூர்க் குடும்பத்திற்கு நாம் பரிந்துரைப்பது இதனையே. சானன் போன்ற அயல்நாட்டு இனங்கள் தங்கள் குளிர்நாட்டில் மிகுதியாகக் கறக்கும் என்பது உண்மை. ஆனால் நம் கோடையில் அவை தளர்ந்துவிடும். முதல் முயற்சிக்கு அவை ஏற்றவை அல்ல.

இனி ஒரு கணக்கு. ஐந்து பீட்டல் ஆடுகள், தினமும் இருவேளைக் கறவை என்று வைத்துக்கொள்வோம். ஆடு ஈன்ற முதல் மாதம் நாளுக்கு ஒன்றரை லிட்டர் கறக்கும். இரண்டாம் மாதத்தில் சற்றே உயர்ந்து உச்சத்தை அடையும். அதன்பின் மாதந்தோறும் இறங்கி, ஆறாம் மாதம் ஒரு டம்ளர் அளவிற்கு வந்துவிடும். ஆறு மாதத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 180 லிட்டர். இரட்டைக் குட்டிகள் பிறந்திருந்தால், முதல் மூன்று மாதங்களில் அவை 60 லிட்டரேனும் குடிக்கும். முதல் நான்கைந்து நாள் சீம்பால் முழுவதும் அவற்றிற்கே உரியது. வீட்டுத் தேவைக்கு இருபது லிட்டர் ஒதுக்கினால், விற்பனைக்கு மிஞ்சுவது ஆட்டுக்கு 100 லிட்டர்.

ஐந்தில் ஒன்று சினைபிடிக்காமலோ குட்டி வீசியோ போகும் என்று எதிர்பார்ப்பது அச்சமன்று, முன்னெச்சரிக்கை. எனவே ஆண்டுக்கு 400 லிட்டர். சராசரியாக நாளுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். லிட்டருக்கு 60 ரூபாய் கிடைப்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு 24,000 ரூபாய், மாதத்திற்கு 2,000. விற்பவர் சொன்ன இரண்டு லிட்டரை நம்பியவரோ, ஐந்து ஆட்டுக்குப் பத்து லிட்டர், மாதத்திற்கு 18,000 ரூபாய் என்று எழுதியிருப்பார். இந்த இரு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் பல கடன்கள் விழுகின்றன. 2,000 ரூபாயிலும் தீவனச் செலவு கழியவேண்டும். கறவையில் உள்ள ஆட்டிற்குப் பசுந்தீவனத்தோடு நாளுக்கு 300 முதல் 400 கிராம் வரை அடர்தீவனமும் வேண்டும். ஆதலால் சிறு பண்ணையில் தவணையைத் தாங்குவது குட்டி விற்பனையே. பால் அன்றாடச் செலவிற்குக் கைகொடுக்கும். கடன் விண்ணப்பத்தையும் அவ்வாறே எழுதுங்கள்.

ஆண்டு முழுவதும் பால் வேண்டுமானால் ஐந்தையும் ஒரே பருவத்தில் சினையாக்கக் கூடாது. ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். மூன்றை மே, ஜூனில் சேர்த்தால் அக்டோபர், நவம்பரில் ஈனும். மற்ற இரண்டை அக்டோபர், நவம்பரில் சேர்த்தால் மார்ச், ஏப்ரலில் ஈனும்.

வாங்கும்போது ஒரு சூழ்ச்சியை அறிந்திருப்பது நல்லது. சந்தைக்குக் கொண்டுவருமுன் ஒருவேளைக் கறவையை நிறுத்திவிட்டால் மடி விம்மி நிற்கும். கறந்து காட்டினால் இருமடங்கு பால் வரும். ஆகையால் மாலையில் உங்கள் கண்முன்னே மடியை முற்றிலும் கறந்துவிடச் சொல்லுங்கள். அதனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மறுநாள் காலைக் கறவையும் மாலைக் கறவையும் சேர்ந்ததே உண்மையான அளவு. ஈன்று எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள். ஈன்ற ஆறாம் வாரத்தில் காட்டும் ஒன்றரை லிட்டரைவிட, நான்காம் மாதத்தில் காட்டும் ஒரு லிட்டர் மேலானது.

இனி வாடைக்கு வருவோம். வெள்ளாட்டுப் பால் இயல்பாகவே நாறும் என்பது பரவலான எண்ணம், அது சரியன்று. நலமான ஆட்டிலிருந்து தூய்மையாகக் கறந்து, உடனே குளிரவைத்த பாலைப் பசும்பாலிலிருந்து பிரித்தறிவது பலருக்கு அரிது. வாடை பெரும்பாலும் கறந்த பின்னர் உண்டாவது.

பாலின் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக, மெல்லிய உறையினுள் அடங்கியிருக்கிறது. பாலிலேயே லைபேஸ் என்னும் நொதியும் உள்ளது. உறை கிழிந்தால் நொதி கொழுப்பைத் தொட்டு, அதிலிருந்து சிறு கொழுப்பு அமிலங்களை விடுவிக்கும். அவற்றுள் கேப்ரோயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்னும் மூன்றே ஆட்டு வாடையின் முதற்காரணம். மூன்றின் பெயரும் வெள்ளாட்டைக் குறிக்கும் கேப்ரா என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை என்பதிலிருந்தே அவற்றின் உறவு விளங்கும். பால் எவ்வளவு அதிகம் குலுங்குகிறதோ, எவ்வளவு நேரம் வெதுவெதுப்பாக இருக்கிறதோ அவ்வளவிற்கு வாடை மிகும்.

நம் வீடுகளில் பாலை உயரத் தூக்கி ஆற்றும் பழக்கம் உண்டு. காய்ச்சிய பாலில் அதனால் தீங்கில்லை. பச்சைப் பாலில் செய்தால் உறை கிழியும். பாதி நிரம்பிய கேனை இருசக்கர வண்டியில் கட்டிக் கரடுமுரடான பாதையில் கொண்டுசெல்வதும் அதற்கு ஒப்பானதே. கேனின் அளவைப் பாலின் அளவிற்கு ஏற்பத் தேர்ந்து, கழுத்துவரை நிரப்புங்கள், தளும்ப இடமிராது. காலையில் குளிரவைத்த பாலில் மாலையின் சூடான பாலை ஊற்றுவது மற்றொரு தவறு; முழுப் பாலும் வெதுவெதுப்பாகி நொதி விழித்துக்கொள்ளும். இரண்டும் தனித்தனியே குளிர்ந்த பின்னர்தான் சேரலாம்.

கறந்ததும் தடித்த தூய துணியில் வடிகட்டி, எவர்சில்வர் கேனில் ஊற்றி, பனிக்கட்டி இட்ட நீருள்ள அண்டாவில் கேனை அமர்த்தி, மெதுவாக ஒருமுறை இருமுறை கிளறி விட்டால் ஒரு மணி நேரத்திற்குள் பால் நன்கு குளிரும். பின்னர் 4 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கவேண்டும். பனிக்கட்டி கிடைக்காத ஊரில் உடனே காய்ச்சிவிடுவதே வழி. சூடு நொதியை அழித்துவிடும். ஆனால் முன்பே தோன்றிவிட்ட வாடையைக் காய்ச்சுதல் போக்காது, ஏலக்காயும் போக்காது. பித்தளை, செம்பு, துருப்பிடித்த இரும்புப் பாத்திரங்களைத் தவிர்க்கவும். அவை வேறொரு கெட்ட சுவையை உண்டாக்கும்.

வாடை வந்துவிட்டால் காரணத்தைக் கண்டறிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஒவ்வோர் ஆட்டின் பாலையும் தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் கறந்து, பெயரோ எண்ணோ எழுதி ஒட்டுங்கள். சற்று முகர்ந்து பாருங்கள். பின் பாதியைக் காய்ச்சிச் சுவையுங்கள். மீதிப் பாதியை மூடிக் குளிரில் வைத்து, மறுநாள் முகர்ந்து பாருங்கள். பச்சைப் பாலைச் சுவைக்க வேண்டாம். புரூசெல்லோசிஸ் என்னும் காய்ச்சல் நோய் ஆட்டுப் பால் வழியாக மனிதர்க்குத் தொற்றக்கூடியது.

எல்லாக் குவளையும் கறந்தவுடன் நன்றாயிருந்து, மறுநாளும் நன்றாயிருந்தால், குறை உங்கள் கேனிலும் குளிர்விக்கும் முறையிலும் உள்ளது. கறந்தவுடனே எல்லாவற்றிலும் ஒரே நெடி இருந்தால் தீவனத்தையோ கிடாவையோ ஐயப்படுக. வெங்காயத் தாள், முட்டைக்கோஸ் இலை, கடுகுக் கீரை போன்றவற்றின் மணம் ஆட்டின் மூச்சு வழியாகவும் குருதி வழியாகவும் பாலுக்கு வரும். கறப்பதற்கு முன் நான்கைந்து மணி நேரம் அவற்றைத் தராமல், கறந்த பின் தந்தால் போதும். கிடாவின் வாடை கொம்புக்குப் பின்னுள்ள சுரப்பிகளிலிருந்தும், இனச்சேர்க்கைக் காலத்தில் அது தன் தாடியிலும் முன்னங்கால்களிலும் தெளித்துக்கொள்ளும் சிறுநீரிலிருந்தும் வருகிறது. அது பெட்டையின் மயிரிலும் கறப்பவர் கையிலும் ஏறிப் பாலை எட்டும். கிடாவை ஐம்பது அடியேனும் தள்ளி, காற்று கறவையிடம் நோக்கி வீசாத பக்கத்தில் கட்டவேண்டும். கிடாவைத் தொட்டவர் கைகழுவி உடை மாற்றாமல் கறக்க உட்காரக் கூடாது. ஐந்து ஆட்டிற்குத் தனிக் கிடா வேண்டியதே இல்லை. பக்கத்து ஊர்க் கிடாவிடம் ஓட்டிச் சென்றால் செலவும் குறையும், நாற்றமும் இராது.

ஒரே ஓர் ஆட்டின் குவளை மட்டும் கெட்டிருந்தால், அதனை மருத்துவரிடம் காட்டுங்கள். உப்புக் கரிப்பு, திரிதல், ஒரு பக்க மடியில் மட்டும் வெப்பம் ஆகியவை மடிநோயின் அறிகுறிகள். நோயில்லை என்றால் அது கறவையின் இறுதிக்கட்டத்தில் இருக்கக்கூடும். அப்போதைய பாலில் கொழுப்பு எளிதில் சிதையும். நாளுக்கு 300 மில்லி லிட்டருக்குக் கீழ் இறங்கிய ஆட்டின் பாலைப் பொதுக் கேனில் சேர்ப்பதால் கிடைப்பது சில ரூபாய். கெடுவது கேன் முழுவதும். மேலும் அடுத்த ஈத்துக்கு முன் இரண்டு மாதம் மடி ஓய்ந்திருந்தால்தான் மறுமுறை நன்றாகக் கறக்கும். அத்தகைய ஆட்டிற்கு அடர்தீவனத்தைக் குறைத்து, கறவையை ஒருவேளையாக்கிப் பின் நிறுத்திவிடுங்கள்.