நான்கு சராசரிகள்: வரிசை எங்கே நிற்கும், எங்கே உடையும்?

நம்பிக்கை: எந்தச் சராசரி பெரியது என்பது எடுத்துக்கொள்ளும் எண்களைப் பொறுத்தது.

உண்மை: மிகை எண்களுக்கு வரிசை மாறவே மாறாது. இசைச் சராசரி, பெருக்குச் சராசரி, கூட்டுச் சராசரி, சராசரி இருமடிமூலம் என்பதே ஏறுவரிசை. எண்கள் எல்லாம் சமமாக இருந்தால் மட்டும் நான்கும் ஒன்றாகிவிடும்.

1, 7 என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம். கூட்டி இரண்டால் வகுத்தால் கூட்டுச் சராசரி 4. பெருக்கி வர்க்கமூலம் கண்டால் பெருக்குச் சராசரி √7, ஏறத்தாழ 2.65. இசைச் சராசரிக்குத் தலைகீழிகளைச் சராசரி எடுக்க வேண்டும்: 1-க்கும் 1/7-க்கும் சராசரி 4/7, அதன் தலைகீழி 7/4, அதாவது 1.75. இருமடிமூலத்துக்கு 1, 49 என்ற வர்க்கங்களின் சராசரி 25. அதன் மூலம் 5. ஆக 1.75, 2.65, 4, 5.

நம்பிக்கை: சில எண்களில் சரிபார்த்துவிட்டால் நிரூபித்த மாதிரிதான்.

உண்மை: இல்லை. எடுத்துக்காட்டு காரணத்தைக் காட்டலாம், ஆனால் நிரூபணம் ஆகாது. மேலே 25-லிருந்து கூட்டுச் சராசரியின் வர்க்கமான 16-ஐக் கழித்தால் 9. அது இரண்டு எண்களின் வித்தியாசத்தில் பாதியான 3-இன் வர்க்கம். அதேபோல் 16-லிருந்து பெருக்குச் சராசரியின் வர்க்கமான 7-ஐக் கழித்தாலும் 9. a, b என்று எழுதிப் பார்த்தால் இரண்டு கழித்தலிலும் ((a−b)/2)² வரும். வர்க்கம் குறை எண்ணாகாது என்பதால், இரண்டு எண்களுக்கு இந்தப் பகுதி முழுமையாகவே நிரூபணமாகிறது.

இசைச் சராசரிக்கு இன்னும் எளிது. 1.75 × 4 = 7. இரண்டு எண்களுக்கு இசையையும் கூட்டையும் பெருக்கினால் பெருக்குச் சராசரியின் வர்க்கம் கிடைக்கும். கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரியைவிடப் பெரியது என்றால், இசைச் சராசரி அதைவிடச் சிறியதாகத்தான் இருக்க முடியும்.

நம்பிக்கை: அந்தப் பெருக்கல் உறவு மூன்று எண்களுக்கும் பொருந்தும்.

உண்மை: மாணவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 1, 2, 4 எடுத்தால் 12/7 × 7/3 = 4, பெருக்குச் சராசரி 2-இன் வர்க்கமும் 4. பொருந்திவிட்டது! ஆனால் இவை பெருக்குத் தொடரில் இருப்பதால் வந்த பொருத்தம் அது. 1, 1, 8 எடுத்துப் பாருங்கள்: பெருக்குச் சராசரியின் வர்க்கம் அதே 4, ஆனால் 24/17 × 10/3 ஏறத்தாழ 4.71. உறவு போனாலும் வரிசை போகவில்லை: 1.41, 2, 3.33, கடைசியில் √22, அதாவது 4.69.

நம்பிக்கை: குறை எண்களுக்கும் வரிசை நிலைக்கும்.

உண்மை: 2, −3 போட்டுப் பாருங்கள். கூட்டுச் சராசரி −0.5. தலைகீழிகளின் கூடுதல் 1/6. அதனால் இசைச் சராசரி 12! இரண்டு எண்களையும் தாண்டிப் போய்விட்டது. பெருக்குச் சராசரிக்கோ −6-இன் வர்க்கமூலம் வேண்டும். மெய்யெண்களில் அது இல்லை. தப்புவது கடைசிக் கண்ணி மட்டுமே: √6.5, ஏறத்தாழ 2.55, −0.5-ஐவிடப் பெரியதுதான்.