தோல் உயிரணுவைத் தொடக்கத்துக்குத் திருப்பிய நான்கு மரபணுக்கள்

உங்கள் தோலில் இருக்கும் ஓர் உயிரணுவுக்கு இன்சுலின் சுரக்கத் தெரியாது. ஆனால் இன்சுலினுக்கான மரபணு அதன் உட்கருவுக்குள் ஓர் எழுத்துகூடக் குறையாமல் இருக்கிறது. கணையத்தில் இருக்கும் உயிரணு அதைப் படிக்கிறது, தோலில் இருப்பது படிக்காமல் விட்டுவிடுகிறது. ஒரே புத்தகம் எல்லா உயிரணுவிலும் இருக்க, எந்தப் பக்கத்தை யார் படிப்பது என்று எது முடிவு செய்கிறது? ஒருமுறை முடிவான பிறகு அதை மாற்ற முடியுமா?

பக்கத்தைத் திறக்கும் வேலையைச் செய்பவை படியெடுத்தல் காரணிகள் என்னும் புரதங்கள். டி.என்.ஏ. இழையில் ஒரு குறிப்பிட்ட சிறிய எழுத்துத் தொடரைக் கண்டுபிடித்து அதில் ஒட்டிக்கொண்டு, பக்கத்திலுள்ள மரபணுவைப் படியெடுக்கச் செய்வதோ தடுப்பதோ இவற்றின் வேலை. உதாரணத்துக்கு ஆக்ட்4 என்ற காரணி ATGCAAAT என்ற எட்டு எழுத்துகளைத் தேடும். எட்டு என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். இதில் ஒன்றைக் கவனியுங்கள். காரணியும் ஒரு புரதம்தான் என்பதால், அதைச் செய்வதற்கும் ஒரு மரபணு படிக்கப்பட வேண்டும். கடைசியில் எல்லாம் விளங்குவது இந்த இடத்தில்தான்.

பக்கங்கள் கிழிக்கப்படுவதில்லை என்பதை இங்கிலாந்தின் ஜான் கர்டன் 1962இலேயே காட்டிவிட்டார். தவளை முட்டையின் உட்கருவை அழித்துவிட்டு, அங்கே ஒரு தலைப்பிரட்டையின் குடல் உயிரணுவிலிருந்து எடுத்த உட்கருவை வைத்தார். அப்படிச் செய்த முட்டைகளில் சில முழுத் தலைப்பிரட்டைகளாகவே வளர்ந்தன. குடலாக மாறிய பிறகும் அந்த உட்கருவில் முழு விலங்குக்கான தகவலும் இருந்திருக்கிறது. ஆனால் முட்டைக்குள் ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்கின்றன. உட்கருவைப் பின்னோக்கித் திருப்பியது அவற்றில் எது என்று சொல்ல நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யாராலும் முடியவில்லை.

ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாகாவும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்த கசுத்தோஷி தக்காஹாஷியும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். கருவின் தொடக்க நாள்களில் இருக்கும் குருத்தணுக்களால் உடலின் எந்த உறுப்பாகவும் மாற முடியும். இதைத்தான் பன்முகத்திறன் என்கிறோம். அந்த நிலையைக் காப்பாற்றும் மரபணுக்களே அந்த நிலையை உருவாக்கவும் செய்யலாம் என்று ஊகித்து, எலியின் குருத்தணுக்களில் முக்கியமாக இயங்கும் 24 மரபணுக்களைப் பட்டியலிட்டார்கள். தோல் போன்ற இணைப்புத் திசுக்களில் நார்ப்பொருளைச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற சாதாரண உயிரணுக்களுக்குள் வைரஸ் வழியாக அவற்றைச் செலுத்த வேண்டும். கோடிக்கணக்கான உயிரணுக்களில் ஒன்றிரண்டுதான் மாறும் என்றால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு அவர்கள் வைத்த பொறிதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எஃப்.பி.எக்ஸ்.15 என்ற மரபணு குருத்தணுவில் மட்டுமே படிக்கப்படும், ஆனால் அது இல்லாமலும் குருத்தணு நன்றாகவே வாழும். அந்த மரபணு இருக்கும் இடத்தில், ஜி418 என்ற மருந்தை எதிர்த்து உயிர்பிழைக்க உதவும் வேறொரு மரபணுவைச் செருகிய எலிகளிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட்களை எடுத்தார்கள். தட்டில் ஜி418 ஊற்றினால் சாதாரண உயிரணுக்கள் எல்லாம் செத்துவிடும். எந்த உயிரணு குருத்தணுவின் பக்கங்களைப் புரட்டத் தொடங்கிவிட்டதோ அது மட்டும் பிழைத்துக் கூட்டமாகப் பெருகும்.

24 மரபணுக்களையும் தனித்தனியாகச் செலுத்திப் பார்த்தபோது ஒரு கூட்டம்கூடத் தோன்றவில்லை. 24ஐயும் ஒன்றாகச் செலுத்தியபோது 22 கூட்டங்கள் பிழைத்தன. தொடர்ந்து வளர்த்த 12இல் ஐந்து, பார்வைக்குக் குருத்தணு போலவே இருந்தன.

எவை தேவை, எவை வெறும் கூட்டத்துக்கு வந்தவை என்று பிரிப்பது அடுத்த வேலை. 24 மரபணுக்களில் எத்தனை விதமான சேர்க்கைகள் உண்டு என்று நீங்களே கணக்குப் போடலாம். ஒவ்வொன்றும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பதால் 2ஐ 24 முறை பெருக்க வேண்டும். 16 மில்லியனைத் தாண்டிவிடும். தக்காஹாஷி அந்த வழியில் போகவில்லை. குழம்பு நன்றாக வந்துவிட்டது, எந்தப் பொருளால் வந்தது என்று தெரியவில்லை என்றால், அடுத்த முறை ஒரு பொருளை மட்டும் விட்டுவிட்டு வைத்துப் பார்ப்போம் அல்லவா? அதே போல ஒன்றை மட்டும் நீக்கி 23ஐச் செலுத்தினார். இப்படி 24 சோதனைகள். அவற்றில் பத்து மரபணுக்களை நீக்கியபோது பத்தாம் நாளில் கூட்டமே தோன்றவில்லை. அந்தப் பத்தை மட்டும் சேர்த்துச் செலுத்தினால், 24ஐவிட அதிகமான கூட்டங்கள் வந்தன!

பத்திலும் அதே முறை. ஆக்ட்4ஐ நீக்கினால் கூட்டம் இல்லை. கே.எல்.எஃப்.4ஐ நீக்கினாலும் இல்லை. சாக்ஸ்2ஐ நீக்கினால் மிகச் சில. சி-மிக்கை நீக்கினால் கூட்டங்கள் வந்தன, ஆனால் அவற்றின் உருவம் குருத்தணு போல இல்லை. இந்த நான்கும் சேர்ந்தால் போதும். 2006இல் வெளியான இந்த முடிவில் ஒரு வியப்பு இருந்தது. குருத்தணுவின் அடையாளமாகவே கருதப்பட்ட நானோக் என்ற காரணி 24இல் இருந்தது, ஆனால் கடைசி நான்கில் இல்லை.

நானோக் ஏன் தேவைப்படவில்லை என்பதற்கான விடையில்தான் மரபணுக் கட்டுப்பாட்டைப் பற்றிய பாடம் இருக்கிறது. குருத்தணுக்களில் ஆக்ட்4, சாக்ஸ்2, நானோக் மூன்றும் டி.என்.ஏ.வில் எங்கெங்கே ஒட்டுகின்றன என்று வரைபடம் எடுத்தபோது, அவை தங்கள் சொந்த மரபணுக்களின் அருகிலும் ஒட்டியிருந்தன. ஆக்ட்4 சாக்ஸ்2ஐப் படிக்க வைக்கிறது, இரண்டும் சேர்ந்து நானோக்கைப் படிக்க வைக்கின்றன, மூன்றும் சேர்ந்து மறுபடி ஆக்ட்4ஐப் படிக்க வைக்கின்றன. ஒன்றையொன்று தாங்கும் வளையம் இது. வெளியிலிருந்து நானோக் தர வேண்டியதில்லை, ஏனென்றால் வளையம் சுழலத் தொடங்கினால் உயிரணு தன் சொந்த நானோக்கைத் தானே செய்துகொள்ளும்.

பாசார் மாலாம் கடைகளில் ஜெனரேட்டரைக் கயிறு இழுத்துக் கிளப்புவதைப் பார்த்திருப்பீர்கள். இழுப்பது கை, ஆனால் கிளம்பிய பிறகு கயிற்றை விட்டுவிட்டாலும் இயந்திரம் ஓடும். நான்கு மரபணுக்களும் கயிற்றை இழுக்கும் கை என்றால், சிறிது நாள் கழித்து அவற்றை நிறுத்திவிட்டாலும் உயிரணு குருத்தணுவாகவே நீடிக்க வேண்டும். 2008இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக்கூடங்கள் இதைச் சோதித்தன. செலுத்தும் மரபணுக்களுக்கு டாக்சிசைக்ளின் மருந்தால் இயங்கும் ஒரு சுவிட்சைப் பொருத்தினார்கள். நம் ஊரில் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலுக்கு மருத்துவர்கள் கொடுக்கும் அதே மருந்துதான். மருந்து இருக்கும்வரை நான்கும் இயங்கும், கழுவிவிட்டால் நின்றுவிடும். சில நாள்களிலேயே கழுவிவிட்டபோது குருத்தணுக்கள் கிடைக்கவில்லை. ஒன்று முதல் இரண்டு வாரம் விட்டு வைத்துக் கழுவியபோது, குருத்தணுக்கள் அப்படியே நிலைத்தன. இயந்திரம் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

இதே கருத்துக்கு இன்னொரு சான்று, ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரின் பயோபோலிஸ் வளாகத்தில் கிடைத்தது. சிங்கப்பூர் மரபணுத்தொகுதி ஆய்வுக்கழகத்தில் இங் ஹக் ஹுய் தலைமையிலான குழு, 2008இல் எலிக் குருத்தணுவில் 13 காரணிகள் ஒட்டும் இடங்களை வரைபடமாக வெளியிட்டது. 2010இல் அதே குழு, ஆக்ட்4ஐயே விட்டுவிட்டு, என்.ஆர்.5.ஏ.2 என்ற வேறொரு காரணியைச் சேர்த்து எலி உயிரணுவைத் திருப்பிக் காட்டியது. கல்லீரலில் பித்த அமிலம், கொழுப்பு தொடர்பான மரபணுக்களைக் கவனிக்கும் காரணி என்றே அது அதிகம் அறியப்பட்டிருந்தது. அதனால் எப்படி முடிந்தது? அது நானோக்கைப் படிக்க வைக்கிறது, நானோக் வழியாக வளையம் கிளம்புகிறது. எந்தக் கை கயிற்றை இழுத்தது என்பதைவிட வளையம் சுழன்றதா என்பதுதான் கணக்கு.

அப்படியென்றால் தட்டில் உள்ள எல்லா உயிரணுக்களும் மாற வேண்டுமே? மாறுவது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. டி.என்.ஏ. உட்கருவுக்குள் நீட்டி விரித்து வைக்கப்படவில்லை. ஹிஸ்டோன் என்ற புரதங்களில் சுற்றி அடுக்கப்பட்டிருக்கிறது. போதாததற்கு, மூடிய மரபணுக்களின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகளும் ஒட்டியிருக்கும். தோல் உயிரணுவில் ஆக்ட்4, நானோக் மரபணுக்கள் இப்படி இரட்டைப் பூட்டுடன் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த காரணிகள் சுற்றிய நிலையிலேயே சில இடங்களைப் பற்றிக்கொள்ள வல்லவை, ஆனாலும் பூட்டுகள் கழல உயிரணு பலமுறை பிரிய வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவை பாதி வழியிலேயே நின்றுவிடும்.

பாதி வழியில் நின்றதை எப்படி அறிவது? 2006இல் கிடைத்த உயிரணுக்களே பாதி வழிதான் வந்திருந்தன. பொறியில் தப்பின, உருவமும் சரி. ஆனால் ஆக்ட்4 மரபணுவின் மெத்தில் குறிகள் முழுதாக நீங்கவில்லை. எலிக் கருவுக்குள் செலுத்தியபோது அதன் திசுக்களில் கலந்தன, உயிருள்ள குட்டி மட்டும் பிறக்கவில்லை. எனவே 2007இல் பொறியை மாற்றி, நானோக் மரபணு படிக்கப்படும் உயிரணுக்களை மட்டும் பிழைக்க விட்டார்கள். நானோக் வளையத்தின் உறுப்பு அல்லவா? இந்த முறை குட்டிகள் பிறந்தன, அவற்றின் அடுத்த தலைமுறையும் பிறந்தது. ஆனால் அந்தத் தலைமுறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குக் கட்டி வந்தது. வைரஸ் செருகிய சி-மிக் மறுபடி விழித்துக்கொண்டதுதான் காரணம். சி-மிக் புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு. அதை விட்டுவிட்டு மூன்றை மட்டும் வைத்தும் உயிரணுக்களைத் திருப்ப முடிந்தது, கூட்டங்கள்தான் மிகக் குறைந்தன.

2007 இறுதியில் மனிதத் தோல் உயிரணுக்களும் இதே நான்கால் திரும்பின. 2012இல் கர்டனும் யமனாகாவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 2014இல் சிங்கப்பூரில் இன்னொரு குழு, விரல் நுனியில் குத்தி எடுத்த 10 மைக்ரோலிட்டர் ரத்தம், அதாவது ஒரு சிறு துளி, போதும் என்று காட்டியது. உயிரணுவின் டி.என்.ஏ.வில் தன்னைச் செருகிக்கொள்ளாத செண்டாய் வைரஸ் வழியாக மரபணுக்களைச் செலுத்தினார்கள்.

அந்தத் துளியில் மிக அதிகமாக இருப்பவை சிவப்பணுக்கள். அவற்றில் ஒன்றைக்கூடத் திருப்ப முடியாது, ஏனென்றால் மனிதச் சிவப்பணுவில் உட்கருவே இல்லை. வேலைக்கு ஆகிறவை உட்கரு உள்ள வெள்ளணுக்கள்தான். அவற்றிலும் ஒரு விலக்கு உண்டு. எதிர்ப்புப் பொருள் செய்யும் பி-அணுக்கள் வளரும்போது தங்கள் டி.என்.ஏ.வின் ஒரு பகுதியை உண்மையிலேயே வெட்டி ஒட்டிக்கொள்கின்றன. புத்தகத்தின் பக்கம் அங்கே கிழிகிறது. ஒரு பி-அணுவைக் குருத்தணுவாகத் திருப்பலாம், மெத்தில் குறிகள் நீங்கும், வளையமும் சுழலும், ஆனால் அந்த வெட்டு மட்டும் அப்படியே இருக்கும். ஒரு குருத்தணு எந்த உயிரணுவிலிருந்து வந்தது என்று அறிய ஆய்வாளர்கள் தேடுவதும் அந்த வெட்டைத்தான்.